9:15-க்கு அவசரப்பட்டு நான் கட்டிய ஃபீஸ் 4,380 ரூபாய்

கொஞ்சம் நீளமான பதிவு. பங்குச் சந்தைப் பக்கமே போகாதவர்கள் தாண்டிப் போய்விடலாம். காலையில் போனைத் திறந்ததும் "இன்று கவனிக்க வேண்டிய பங்குகள்" பட்டியலைப் பார்ப்பவர்கள் மட்டும் கடைசி வரை படியுங்கள்.

முந்தாநாள் சாயங்காலம் என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். பையன் என்றா சொல்வது, இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டே செல்லிப்பட்டில் சொந்த நிலத்தையும் பார்த்துக்கொள்கிறான். நெல் போட்ட பணம் நாற்பதாயிரம் கையில் இருக்கிறதாம். திண்ணையில் உட்கார்ந்ததும் சொன்னான்.

"சார், காலையில அஞ்சு நிமிஷம் போதும் சார். நியூஸ் வந்த ஸ்டாக்க ப்ரீ ஓப்பன்ல பாத்து வெச்சிக்கினு, 9:15-க்கு மொத கேண்டில் பச்சையா வந்தா வாங்கிடறது. ரெண்டு பர்சன்ட் வந்ததும் வித்துட்டு டூட்டிக்குப் போயிடுவேன்."

நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற வயதும் இல்லை. உள்ளே போய் என் பழைய நோட்டை எடுத்து வந்து ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினேன். பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன்: நஷ்டம் 4,380. அவன் சொன்ன அதே வழியில் நான் போய் இழந்த பணம் அது.

நடந்தது இதுதான். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு ஒரு நடுத்தர கம்பெனிக்கு 48 கோடி ரூபாய் ஆர்டர் கிடைத்திருப்பதாகச் செய்தி. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம், தப்பு அவர்களுடையது அல்ல. முந்தைய நாள் முடிவு விலை 212. ப்ரீ ஓப்பனில் 229 காட்டியது. எட்டு சதவீதம் ஏற்றம்! 9:15 அடித்ததும் 300 பங்குக்கு மார்க்கெட் ஆர்டர் போட்டேன். 229-க்குக் கிடைக்கும் என்று நினைத்தேன், கிடைத்தது 233.60-க்கு. முதல் ஐந்து நிமிட கேண்டில் நெட்டையாகப் பச்சை, உச்சம் 236. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்பதரைக்கு 221 வரை வந்துவிட்டது. 9:40-க்கு 219-ல் கைநடுங்க விற்றேன். ஒரு பங்குக்கு 14 ரூபாய் 60 காசு, 300 பங்குக்கு 4,380. டீ ஆறுவதற்குள் போய்விட்டது.

அன்று சாயங்காலம்தான் பங்குச் சந்தை இணையதளத்தில் கம்பெனி கொடுத்த மூல அறிவிப்பைப் படித்தேன். 48 கோடி ஆர்டர் உண்மைதான். ஆனால் மூன்று வருடத்தில் முடிக்க வேண்டிய வேலை. வருடத்துக்கு 16 கோடி. அந்தக் கம்பெனியின் ஆண்டு விற்பனை சுமார் 1,900 கோடி. அதாவது ஒரு சதவீதம் கூட இல்லாத செய்திக்கு விலை எட்டு சதவீதம் ஏறியிருக்கிறது. நாற்பது வருடம் சதவீதக் கணக்கு நடத்திய ஆசாமி ஒரு வகுத்தலைப் போடாமல் பணத்தைப் போட்டிருக்கிறேன். அதனால் முதல் பாடம் முந்தின நாள் ராத்திரியோ விடியற்காலையோ செய்கிற வேலை: தலைப்பை விட்டுவிட்டு மூல அறிவிப்பைப் படிக்க வேண்டும். ஆர்டர் என்றால் எத்தனை வருடத்துக்கு, ஆண்டு விற்பனையில் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். காலாண்டு முடிவு என்றால் லாபத் தொகையோடு நிறுத்தாமல், அடுத்த வருடத்துக்கு நிர்வாகம் என்ன சொல்கிறது என்பதையும் படிக்க வேண்டும்.

இரண்டாவது, ப்ரீ ஓப்பன் விலை என்பது என்ன என்று நான் சரியாகப் புரிந்துகொள்ளவே இல்லை. பையனுக்கும் புரியவில்லை. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் நாட்டில் இந்த ஏற்பாடு 2010 அக்டோபர் 18-ல் தொடங்கியது. காலை 9:00 முதல் 9:08 வரை ஆர்டர் போடலாம், மாற்றலாம், ரத்தும் செய்யலாம். ஆனால் சரியாக 9:08-க்கு மூடும் என்று சொல்ல முடியாது. கடைசி ஒரு நிமிடத்துக்குள் ஏதோ ஒரு நொடியில் கணினி தானாகவே மூடிவிடும். யாரும் கடைசி நொடியில் பெரிய ஆர்டர் போட்டு விலையை இழுக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பிறகு 9:12 வரை எல்லா ஆர்டரையும் பொருத்தி ஒரே ஒரு விலையை முடிவு செய்கிறார்கள். 9:12 முதல் 9:15 வரை சும்மா இடைவெளி. 9:15-க்குத்தான் வழக்கமான சந்தை.

அந்த ஒரே விலை எப்படி வருகிறது? எந்த விலையில் அதிகமான பங்குகள் கைமாற முடியுமோ அதுதான் விலை. கரும்பலகைக் கணக்காகப் பார்ப்போம். வாங்குபவர்களில் ஒருவர் 105 ரூபாய் வரை தருகிறார், 200 பங்கு. இன்னொருவர் 103 வரை, 300 பங்கு. மூன்றாமவர் 102 வரை, 400 பங்கு. விற்பவர்களில் ஒருவருக்கு 102 கிடைத்தால் போதும், 250 பங்கு. அடுத்தவருக்கு 103 வேண்டும், 250 பங்கு. கடைசி ஆளுக்கு 104 வேண்டும், 300 பங்கு.

விலை 103 என்று வைத்தால் வாங்கத் தயாராக இருப்பது 500, விற்கத் தயாராக இருப்பதும் 500. ஆக 500 கைமாறும். 102 என்று வைத்தால் வாங்க 900 பேரம் இருக்கும், விற்க 250-தான் இருக்கும். 250-தான் கைமாறும். 104 என்று வைத்தால் 200-தான் கைமாறும். எனவே விலை 103.

இப்போது 103 ரூபாய்க்காரர் 9:06-க்குத் தன் 300 பங்கு ஆர்டரை ரத்து செய்துவிட்டார் என்று வையுங்கள். 103-ல் வாங்க 200 மட்டுமே மிச்சம். 102-ல் 250 கைமாறும். விலை உடனே 102-க்கு இறங்கிவிடும். உண்மையான வியாபாரம் ஒன்றுகூட நடக்கவில்லை, ஒரு ஆள் மனசு மாறினார், அவ்வளவுதான். அதனால்தான் 9:03-க்குத் திரையில் "பத்து சதவீதம் ஏற்றம்" என்று காட்டுவதைப் பார்த்துத் துள்ளக் கூடாது. அது கூடிக்கொண்டும் குறைந்துகொண்டும் இருக்கிற கணக்கு. ஆர்டர் மூடிய பிறகு நிற்கிற விலைக்குத்தான் மதிப்பு. அதிலும் எத்தனை பங்கு கைமாறியது என்பதைப் பார்க்க வேண்டும். தினமும் 20 லட்சம் பங்கு வியாபாரமாகிற கம்பெனியில் ப்ரீ ஓப்பனில் மூவாயிரம் பங்குதான் கைமாறியது என்றால், அந்த எட்டு சதவீதத்தைச் சொன்னது சந்தை இல்லை, நாலைந்து பேர்.

இனி முதல் கேண்டில். பையன் கேட்டான், "பச்சையா இருந்தா ஏறுதுன்னுதானே சார் அர்த்தம்?"

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். ஒரு கேண்டிலின் நிறம் அந்த ஐந்து நிமிடத்தின் தொடக்க விலையையும் முடிவு விலையையும் மட்டுமே ஒப்பிடுகிறது. நேற்றைய முடிவு விலை அதற்குத் தெரியாது. நேற்று 200-ல் முடிந்த பங்கு மோசமான செய்தியால் இன்று 180-ல் திறந்து 182-க்கு வந்தால் கேண்டில் பச்சைதான். வைத்திருப்பவனுக்கு 18 ரூபாய் போயிருக்கிறது, படம் பச்சை காட்டுகிறது. அதேபோல் 220-ல் திறந்து 216-க்கு வந்தால் சிவப்பு. ஆனால் நேற்றைவிட 16 ரூபாய் மேலே இருக்கிறது. செய்தியின் பலம் அந்தக் கேண்டிலுக்குள் இல்லை. நேற்றைய முடிவுக்கும் இன்றைய தொடக்கத்துக்கும் நடுவே தெரிகிற வெற்றிடத்தில்தான் பெரும்பகுதி முடிந்துபோயிருக்கிறது. நாம் 9:15-க்குப் போய் நிற்கும்போது பந்தி பாதி முடிந்துவிட்டது.

பிறகு ஏன் அந்த முதல் ஐந்து நிமிடத்தில் அவ்வளவு வேகம்? ப்ரீ ஓப்பனில் ஜோடி கிடைக்காத ஆர்டர்கள் அழிவதில்லை, அப்படியே 9:15 சந்தைக்குள் வருகின்றன. கூடவே என்னைப் போல "கிடைக்கிற விலைக்குக் கொடு" என்று மார்க்கெட் ஆர்டர் போடுகிறவர்கள் கூட்டமாக வருகிறார்கள். எதிரே விலை சொல்லி நிற்பவர்கள் அந்த நேரத்தில் குறைவு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே வழக்கத்தைவிடப் பெரிய இடைவெளி இருக்கும். கொஞ்சம் பங்கு கைமாறினாலே விலை ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் தாண்டும். நான் 229-ஐப் பார்த்துப் போட்டு 233.60-க்கு வாங்கியது அப்படித்தான். நேற்றே 212-க்கோ அதற்கும் கீழேயோ வாங்கி வைத்திருந்தவருக்கு அது விற்கிற நேரம். அவர் விற்றதை நான் வாங்கியிருக்கிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல ஆறு போதும். சங்கராபரணியில் தண்ணீர் வரும்போது முதலில் வருவது நுரையும் குப்பையும்தான். அந்த முதல் அலையைப் பார்த்து இன்று எவ்வளவு தண்ணீர் வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கொஞ்ச நேரம் கரையில் நின்று, எந்தக் கல் மூழ்குகிறது, எது மூழ்கவில்லை என்று பார்த்துத்தான் சொல்வார்கள்.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாளைச் சொல்கிறேன். 2023 ஏப்ரல் 13, வியாழக்கிழமை, சந்தை முடிந்த பிறகு இன்ஃபோசிஸ் காலாண்டு முடிவு வந்தது. வருடம் முழுக்க 16 முதல் 16.5 சதவீத வளர்ச்சி என்று சொல்லியிருந்தவர்கள் 15.4-ல் முடித்தார்கள். அடுத்த வருடத்துக்கு 4 முதல் 7 சதவீதம்தான் என்றார்கள். மறுநாள் தமிழ்ப் புத்தாண்டு, அம்பேத்கர் பிறந்தநாள், சந்தை விடுமுறை. பிறகு சனி, ஞாயிறு. மூன்று நாள் முழுக்க எல்லோரும் அந்தச் செய்தியையே மென்றுகொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் அந்தப் பங்கு வியாழக்கிழமையே சரிந்திருந்தது. திங்கட்கிழமை காலை என்ன நடக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

17-ம் தேதி நான் பங்கு எதுவும் வைத்திருக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முந்தைய முடிவு சுமார் 1,389 ரூபாய். காலை வர்த்தகத்தில் 1,185 ரூபாய் 30 காசு வரை விழுந்தது, ஏறக்குறைய 15 சதவீதம். அந்த வேகத்தைப் பார்த்தவனுக்கு இது இன்னும் இறங்கும் என்றுதான் தோன்றும். ஆனால் அன்று மாலை முடிந்தது சுமார் 1,258-ல். செய்தி கெட்டதுதான், 9.4 சதவீதம் இறக்கத்தோடுதான் முடிந்தது. ஆனால் காலைப் பயத்தில் 1,190-ஐ ஒட்டி 100 பங்கு விற்றவருக்கு, மாலை வரை பொறுத்தவரைவிட 6,800 ரூபாய் குறைவாகக் கிடைத்திருக்கும். திசை சரி, அளவு தப்பு. முதல் வேகம் பெரும்பாலும் அளவில்தான் பொய் சொல்கிறது.

"அப்ப எப்பவும் திரும்பி வரும்னு எடுத்துக்கலாமா சார்?" என்றான். அதுவும் கூடாது. 2024 ஜனவரி 16 மாலை எச்டிஎஃப்சி வங்கியின் முடிவு வந்தது. அன்றிரவே நியூயார்க்கில் அந்தப் பங்கு சரிந்தது. 17-ம் தேதி இங்கே இறக்கத்தில் திறந்து, நாள் முழுக்க மீளாமல் 8 சதவீதத்துக்கும் மேல் இறங்கி முடிந்தது. "இவ்வளவு இறங்கிடுச்சே, மலிவு" என்று காலையில் வாங்கியவர்களுக்கு அன்று சாயங்காலம் வருத்தம்தான். ஆக முதல் கேண்டில் எப்போதும் எதிர்ப்பக்கம் போகும் என்பது இல்லை. அதைப் பார்த்து எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய முடியாது என்பதுதான் விஷயம்.

முடிவு செய்ய முடியாத நேரத்தில் என்ன செய்வது? நான் இப்போது ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்கிறேன். 9:00 மணிக்கு முன்பே நேற்றைய உச்சம், அடிமட்டம், முடிவு விலை மூன்றையும் எழுதிவிடுவேன். அடுத்த வரியில் இன்று இந்தப் பங்கில் அதிகபட்சம் எவ்வளவு இழக்கலாம் என்று எழுதுவேன். எனக்கு அது 500 ரூபாய். ப்ரீ ஓப்பன் முடிந்ததும் விலையையும் கைமாறிய பங்கு எண்ணிக்கையையும் குறிப்பேன். 9:15 முதல் 9:30 வரை கை கட்டிக்கொண்டு உட்காருவேன். அந்தக் கால் மணி நேரத்தின் உச்சமும் அடிமட்டமும்தான் எனக்கு வேலி. 9:30-க்குப் பிறகு உச்சத்தைத் தாண்டினால்தான் வாங்குவது. அதுவும் லிமிட் ஆர்டரில். ஸ்டாப்லாஸ் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே.

எத்தனை பங்கு என்பதை ஆசை முடிவு செய்யக் கூடாது, வகுத்தல் முடிவு செய்ய வேண்டும். இழக்கத் தயாரான தொகையை, வாங்கும் விலைக்கும் ஸ்டாப்லாஸுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் வருவதுதான் எண்ணிக்கை.

என் 4,380 ரூபாய் நாளை இந்த முறையில் அவனுக்குப் போட்டுக் காட்டினேன். அன்று 9:30 வரை உச்சம் 236, அடிமட்டம் 221. வாங்கும் விலை 236.50, ஸ்டாப்லாஸ் 220.50. வித்தியாசம் 16 ரூபாய். 500-ஐ 16-ஆல் வகுத்தால் 31 பங்கு. நான் வாங்கியது 300! அதைவிட முக்கியம், நான் விற்று வெளியேறும் வரை பங்கு 236-ஐத் தாண்டவே இல்லை. அதாவது ஆர்டரே போயிருக்காது. நஷ்டம் பூஜ்யம்.

பையன் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தான். "31 பங்குல ரெண்டு பர்சன்ட் வந்தா நூத்தி நாப்பத்தேழு ரூபாதானே சார் வரும்? அதுல புரோக்கரேஜ், வரி வேற போவும்."

"அதாம்ப்பா நிஜம். அந்த வருமானம் போதாதுன்னு தோணுச்சுன்னா, எண்ணிக்கையைக் கூட்டாதே, அந்த வேலையை விட்டுடு" என்றேன்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட்டேன். உச்சத்தைத் தாண்டுவது போல் தாண்டிவிட்டு உடனே கீழே இறங்குகிற நாட்கள் நிறைய. அன்று 500 போகும். வேகமான இறக்கத்தில் ஸ்டாப்லாஸ் நாம் சொன்ன விலையில் விற்காமல் இன்னும் கீழே விற்கலாம், அப்போது 500 என்பது 600 ஆகும். சில செய்திகளுக்கு எந்தத் திட்டமும் உதவாது. 2024 ஜனவரி 31-ல் பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. மறுநாள் பேடிஎம் பங்கு 20 சதவீத லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டது, அதற்கு அடுத்த நாளும் அதே 20. வாங்க ஆள் இல்லாத இடத்தில் ஸ்டாப்லாஸ் என்பது வெறும் எழுத்து. முந்தின நாளே கையில் இருந்தவருக்கு வெளியே வர வழியில்லை. அதனால்தான் ஒரே பங்கில் மொத்தப் பணத்தையும் வைக்கக் கூடாது.

செபி 2024 ஜூலையில் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2022-23-ல் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டம் அடைந்திருக்கிறார்கள். அந்த வரியையும் அவனைப் படிக்கச் சொன்னேன். சத்தமாகப் படித்தான், வகுப்பில் படிப்பது போலவே.

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். நாற்பதாயிரம் அடுத்த போகத்துக்கு விதை, உரம், கூலிக்கு வங்கியிலேயே இருக்கும். ஒரு மாதத்துக்கு அவன் தினமும் ஒரே ஒரு செய்திப் பங்கை எடுத்து, பணம் போடாமல், நோட்டில் மட்டும் எழுத வேண்டும். 9:08 விலை என்ன, முதல் கேண்டில் என்ன நிறம், 9:30-ல் வேலி எங்கே, மாலை முடிவு எங்கே. ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கொண்டு வர வேண்டும், நான் திருத்துவேன். சம்மதித்தான்.

போகும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "சார், அந்த நாலாயிரத்து முந்நூத்தி எண்பது போனது மேடத்துக்குத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது. இந்தப் பதிவைப் படித்தால் இன்றைக்குத் தெரிந்துவிடும்.

இதை எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ சொல்லும் ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கணக்கில் எங்கேயாவது தப்பு இருந்தால் கீழே சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவன் நோட்டு வந்ததும் மீதியை எழுதுகிறேன்.